அதிகாலை 4.10-க்கு எடுக்கப் போன பரிசு காலாவதி! மூன்று மாதமாக இல்லாத சிக்கல் இன்று எப்படி வந்தது?

ஓசூர் இரவுப்பணி:
ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இரவுப் பணியில் இருக்கிறேன். கைப்பேசியில் ஒரு கார்ப் பந்தய விளையாட்டு ஆடுகிறேன். காசு கட்டும் ஆட்டம் அல்ல. வாரம் முழுவதும் புள்ளி சேர்த்தால் ஞாயிறன்று ஒரு பரிசுப் பெட்டி கிடைக்கும். தானாகக் கைக்கு வராது, Claim பொத்தானை நாம்தான் அழுத்த வேண்டும். விதிப் பக்கத்தில் Ends Sunday 23:59 CET, அதாவது மத்திய ஐரோப்பிய நேரம் என்று போட்டிருக்கிறார்கள். டிசம்பரிலேயே கணக்குப் பார்த்து வைத்தேன்: நமக்கு அது திங்கள் அதிகாலை 4.29. எங்களுக்கு 4 மணிக்குத் தேநீர் இடைவேளை. கடைசிப் பந்தயம் வரை பெட்டியின் மதிப்பு ஏறும் என்பதால் முன்கூட்டி எடுக்க மனம் வராது. 4.10 வாக்கில் எடுத்துவிடுவேன். ஒரு வாரமும் தவறியதில்லை. இன்று, மார்ச் 30, அதே 4.10-க்குத் திறந்தால் Expired என்கிறது. எங்கே தவறினேன்?

பாலக்கோடு தக்காளி:
சர்வர் எல்லாம் UTC நேரத்தில்தான் ஓடும். 23:59 என்றால் நமக்குக் காலை 5.29. உங்களுக்கு இன்னும் நேரம் இருந்திருக்கிறது, இது செயலியின் கோளாறுதான். கைப்பேசிக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவைத்துத் திறந்து பாருங்கள்.

காரிமங்கலம் சந்தை:
எனக்கும் இப்படித்தான் நடந்தது. ரம்மி செயலி ஒன்றில் போனஸ் 300 ரூபாய் நின்றது, ஒரு நாள் காலையில் பார்த்தால் காணவில்லை. யாரிடம் கேட்பது?

தொப்பூர் கணவாய்:
காரிமங்கலத்து அண்ணா, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை 2025-இல் வந்த மத்தியச் சட்டமே தடைசெய்துவிட்டது. உங்கள் கதை வேறு, அதைத் தனியாகக் கேளுங்கள்.

பாலக்கோட்டுத் தம்பி, UTC என்றால் 5.29 என்பது சரியான கணக்கு. ஆனால் இந்த விதியில் எழுதியிருப்பது CET. கடிகாரத்தைத் தள்ளிவைக்கும் யோசனையும் வேண்டாம். கெடுவைப் பார்ப்பது அவர்களுடைய சர்வர். நம் கைப்பேசியின் நேரம் பொருந்தாவிட்டால் ஏமாற்று வேலை என்று கணக்கையே முடக்கவும்கூடும்.

ஓசூர் நண்பரே, நீங்கள் தவறவில்லை, ஐரோப்பாவின் கடிகாரம்தான் நகர்ந்துவிட்டது. அங்கே மார்ச் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரத்தை முன்னால் தள்ளுவார்கள். இந்த ஆண்டு அது நேற்று, மார்ச் 29. குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி நாலரை மணி நேரம், கோடையில் மூன்றரை. ஆகவே அவர்களுடைய ஞாயிறு இரவு 23:59 நமக்கு 4.29 ஆக இருந்தது, இன்று முதல் 3.29. நீங்கள் 41 நிமிடம் தாமதம். நம் ஊரில் யாரும் கடிகாரத்தைத் தொடுவதில்லை என்பதால் இது கண்ணில் படாது.

ஆனாலும் உங்கள் பக்கம் ஒரு வலுவான வாதம் இருக்கிறது. CET என்பது குளிர்கால நேரத்தின் பெயர். கோடை நேரத்துக்கு CEST என்று எழுத வேண்டும். எழுத்தை எழுத்தாகப் படித்தால் 23:59 CET கோடையிலும் 4.29-தான். விதிப் பக்கத்தையும் Expired திரையையும் படம் எடுத்து, நேரத்தைக் குறிப்பிட்டு உதவிக் குழுவுக்கு எழுதுங்கள். தருவார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். கோடையிலும் CET என்றே எழுதுவது அங்கே சாதாரணம், உள்ளூர் நேரத்தையே குறித்தோம் என்பார்கள்.

ஓசூர் இரவுப்பணி:
41 நிமிடமா! வேலைக்குக் கிளம்பும்போதே இதைக் கண்டுபிடிக்க வழி இருந்ததா அண்ணா?

தொப்பூர் கணவாய்:
பெட்டிக்கு மேலே இறங்குமுகமாக ஓடும் கடிகாரத்தைப் பாருங்கள். அதற்கு நாடும் நேர மண்டலமும் கிடையாது, மீதி நேரத்தைத்தான் சொல்லும். ஞாயிறு இரவு 8 மணிக்கு 8 மணி 29 நிமிடம் என்று காட்டினால் பழைய கணக்கு. நேற்று 7 மணி 29 நிமிடம் காட்டியிருக்கும்.

தளி மலை:
எனக்கு வேறு மாதிரி. பரிசு, விளையாட்டுக்குள் இருக்கும் அஞ்சல் பெட்டிக்கு வந்தது, 72 மணி நேரம் கெடு. ஊர்த் திருவிழாவுக்குப் போன இடத்தில் சிக்னல் இல்லை. நான்காம் நாள் திறந்தேன், தலைப்பு மட்டும் இருந்தது, பரிசு இல்லை. நான் திறந்த நேரத்திலிருந்துதானே எண்ண வேண்டும்?

தொப்பூர் கணவாய்:
பெரும்பாலும் அவர்கள் அனுப்பிய நொடியிலிருந்து எண்ணுவார்கள். சிலவற்றில் திறந்த பிறகும் இன்னொரு கெடு தொடங்கும். அந்த ஆட்டத்தின் விதியில் எந்தச் சொல் இருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது.

ஓசூர் இரவுப்பணி:
உதவிக் குழுவிடமிருந்து பதில் வந்தது: ‘உங்கள் கோரிக்கையை உரிய பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்.’ பெட்டி இன்னும் வரவில்லை. அதிகாலை 3.29-க்கு நான் இயந்திரத்தின் முன் நின்றுகொண்டிருப்பேன், கைப்பேசியைத் தொட முடியாது. இனி ஞாயிறு இரவு பணிக்குக் கிளம்பும் முன்பே எடுத்துவிடப் போகிறேன், பெட்டி சிறியதானாலும் சரி.

பாலக்கோடு தக்காளி:
அக்டோபரில் மறுபடி 4.29 ஆகிவிடுமா அண்ணா?

தொப்பூர் கணவாய்:
ஆகும். அக்டோபர் 25, ஞாயிறு.