புதுப்பிப்பு: 21 நாளுக்கு ஒருமுறை வரும் காய்ச்சல், வாய்ப்புண்

முன்பு கேட்டது: "பையனுக்கு 4 வயசு, தருமபுரி. மூணு வாரத்துக்கு ஒருக்கா காய்ச்சல், வாய்ப்புண். ரத்தம் பார்த்தா நார்மல்ங்கிறாங்க. ஏன்?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. இப்போது சந்தேகம் சைக்ளிக் நியூட்ரோபீனியா: கிருமியை எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு குறிப்பிட்ட இடைவெளியில் இறங்கி ஏறுவது. பலித்தது ஓசூர் லேப் அக்கா சொன்னது: காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரம் இருமுறை, ஆறு வாரம் சிபிசி என்ற ரத்த அணு எண்ணிக்கைச் சோதனை.

செவ்வாய், வெள்ளி எடுத்தோம். இரண்டாம் வார வெள்ளியில் மொத்த வெள்ளணு 4200, அதில் நியூட்ரோஃபில் 4 சதவீதம்; பெருக்கினால் 168, மிகக் குறைவு. மொத்தத்தை மட்டும் பார்த்திருந்தால் தப்பியிருக்கும். ஐந்தாம் வார வெள்ளியில் 140. இடைவெளி சரியாக 21 நாள்.

எதிர்பாராதது: காய்ச்சல் முற்றி லேபுக்குப் போகும்போது நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஏறத் தொடங்கிவிடுகிறது. பழைய ரிப்போர்ட்கள் நார்மலானது அதனால்தான். இறங்கிய நாட்களில் மோனோசைட் என்ற இன்னொரு வெள்ளணு ஏறியும் இருந்தது.

எலும்பு மஜ்ஜை பரிசோதனையே முதலில் என்ற அண்ணன் சொன்னது பாதி சரி. பிறவியிலேயே எப்போதும் குறைவாக இருக்கும் வகைக்கு அது அவசியம். இங்கே டாக்டர் முதலில் கேட்டது ELANE மரபணு சோதனை. முடிவு வரவில்லை. டெங்குவில் தட்டணு குறைவதைப் பற்றி எழுதியவருக்கு: இங்கே குறைவது நியூட்ரோஃபில், வேறு அணு.

நியூட்ரோஃபிலைப் பெருக்கும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி தொடங்குவதா என்பதும் முடிவாகவில்லை. அதுவரை, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் தாண்டினால் சிபிசிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனை.