“இணைக்கப்பட்டது, இணையம் இல்லை”: மூன்று சரங்களுக்குச் சொல் தேவை

திருச்சி மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் வலையமைப்புப் பகுதியைத் தமிழாக்கி வருகிறேன். கோப்பை வெள்ளிக்கிழமை இரவுக்குள் ஒப்படைக்க வேண்டும். வைஃபை இணைந்திருந்தும் பக்கம் எதுவும் திறக்காதபோது பயனருக்குக் காட்டப்படும் சரங்களில் மூன்று என்னைத் தடுத்து நிறுத்திவிட்டன.

```
msgid "Connected, no internet"
msgid "DNS server not responding"
msgid "Open network sign-in page"
```

முதலாவதற்குக் கோப்பில் ஏற்கெனவே “இணைக்கப்பட்டது, இணையம் இல்லை” என்றிருக்கிறது. இதை என் மாமியாரிடம் காட்டினேன். “இணைந்துவிட்டது என்கிறது, உடனே இணையவில்லை என்றும் சொல்கிறதே, எதை நம்புவது?” என்று கேட்டார். இரண்டு சொற்களும் “இணை” என்னும் ஒரே வேரிலிருந்து வருவதால் இந்தத் தொல்லை தமிழில் மட்டும் முளைக்கிறது. மூன்றாவது சரம், விடுதியிலும் இரயில் நிலையத்திலும் கைப்பேசி எண்ணையும் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கேட்கும் பக்கத்தைத் திறக்கும் பொத்தானுக்கு உரியது. அப்பக்கத்துக்கான கேப்டிவ் போர்ட்டல் என்ற சொல்லை முன்னர் யாரோ “சிறைப்பட்ட வலைவாசல்” என்று ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

தஞ்சை பேராசிரியர், திங்கள் மாலை

அன்புடையீர்,

“இணைக்கப்பட்டது” என்னும் செயப்பாட்டு வினையே முதற்பிழை. யாரால் இணைக்கப்பட்டது என்ற வினா எழும்போது விடை சொல்ல ஆளில்லாத இடத்தில் “படு” எதற்கு? கைப்பேசி தானே சென்று திசைவியோடு சேர்ந்திருக்கிறது. “வைஃபை சேர்ந்தது, இணையம் எட்டவில்லை” என்று எழுதினால் வேரும் வேறாகிவிடும், பொருளும் துலங்கும். “இல்லை” என்பது இருப்பையே மறுப்பது. இணையம் இருக்கிறது, இவரிடம் வந்து சேரவில்லை என்பதுதானே செய்தி?

மூன்றாவதற்குச் “சிறை” ஒருபோதும் வேண்டாம். அங்கே சிறைப்பட்டவர் பயனர், வாசல் அன்று. பாண்டியன் அரண்மனைமுன் நின்று “வாயிலோயே, வாயிலோயே” என்று கண்ணகி விளித்த காட்சியை நினைவில் கொள்க. அரசனைக் காண வந்தவளுக்கு முதலில் வாய்த்தவன் வாயில் காப்போனே. நாம் கேட்ட தளத்துக்குப் பதிலாக இடையில் ஒருவன் நின்று விடை சொல்வதுதான் இங்கும் நிகழ்கிறது என்றால், “வாயிலோன் பக்கம்” என்பதைவிடப் பொருத்தமான சொல் இராது. வாயில் என்பதே “இல்வாய்” முன்பின்னாக மாறி நின்ற இலக்கணப்போலி என்பதை இளையோர்க்கு நினைவூட்டவும் இது வாய்ப்பாகும். முன்றில், நகர்ப்புறம் முதலியவற்றையும் உடன் வைத்துப் பார்த்தால், இடங்களைக் குறிக்கும் சொற்கள் எவ்வளவு எளிதாகத் தலைகீழாகின்றன என்பது விளங்கும். அதுபற்றித் தனியே எழுதுவேன்.

ஈரோடு கணினி ஆய்வக ஆசிரியர், செவ்வாய் காலை

பேராசிரியர் ஐயாவின் “எட்டவில்லை” மிக நன்று. ஆனால் மூன்று சொற்களுக்காக நாம் ஏன் அல்லாட வேண்டும் என்று தெரியவில்லை. என் மாணவர்களுக்கு நான் ஒரே ஒரு சோதனையைத்தான் கற்பிக்கிறேன்.

```
ping 8.8.8.8
```

விடை வந்தால் இணையம் இருக்கிறது, தளப் பெயருக்கு எண் முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் மட்டும் கெட்டிருக்கிறது. விடை வராவிட்டால் திசைவியோ அதற்கப்பால் உள்ள வழங்குநரோ பழுது. எனவே “பெயர்ப் பழுது”, “வழிப் பழுது” என்று இரண்டு சொற்கள் போதும். உள்நுழைவுப் பக்கம் பழுதே அன்று. அதற்குக் கலைச்சொல் தேவையில்லை.

கோவை வலையமைப்புப் பொறியாளர், செவ்வாய் இரவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் சோதனை வீட்டில் சரியாக வரும். விடுதியில் தவறான விடை தரும். உள்நுழையும் முன் அத்தகைய வலையமைப்புகள் பெரும்பாலும் பிங்கை வெளியே விடுவதில்லை. விடை வரவில்லை என்று கண்டதும் உங்கள் மாணவர் வழங்குநரைக் குறை சொல்வார். கைப்பேசி எண்ணைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் தீர வேண்டிய காரியம் அது. இப்படிப் பிரித்தறிய முடியாமல் போவதால்தான் மூன்று சொற்கள் வேண்டும் என்கிறேன்.

சென்ற மாதம் ஒரு விருந்தினர் இல்லத்தில் எனக்கே நேர்ந்ததைச் சொல்கிறேன். மடிக்கணினி வைஃபையில் சேர்ந்தது, முகவரியும் கிடைத்தது, திசைவிக்கு அனுப்பிய பிங் உடனே திரும்பியது. அதனால் அறைக்கும் திசைவிக்கும் இடையில் குறையில்லை என்பது உறுதியாயிற்று. ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை. உள்நுழைவுப் பக்கமும் எழவில்லை. `nslookup` கொடுத்தால் காலம் கடந்தது என்ற செய்தியே வந்தது. பார்த்த எவரும் டிஎன்எஸ் பழுது என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அதே அறையில் என் கைப்பேசி அந்தப் பக்கத்தைத் தானாகக் காட்டியது.

வேறுபாடு இதுதான். மடிக்கணினியில் டிஎன்எஸ் முகவரியாகக் கூகுளின் பொதுப் பெயர்வழங்கியான `8.8.8.8` என்று நானே முன்பொரு நாள் எழுதி வைத்திருந்தேன். கைப்பேசியோ அந்த வலையமைப்பு கொடுத்ததை ஏற்றுக்கொண்டிருந்தது. உள்நுழையும்வரை அந்த வலையமைப்பு தன் சொந்தப் பெயர்வழங்கிக்கு மட்டுமே வழிவிட்டது, வெளியே போகும் பெயர்க் கேள்விகளை ஓசையின்றிக் கைவிட்டது. பெயருக்கு விடை கிடைக்காததால் உலாவி எந்தத் தளத்தையும் தேடிச் செல்லவே இல்லை. தேடிச் சென்றால்தானே இடைமறித்துப் பக்கத்தைக் காட்ட முடியும்? டிஎன்எஸ் அமைப்பைத் தானியங்கிக்கு மாற்றிவிட்டு இதைக் கேட்டேன்:

```
curl -i http://connectivitycheck.gstatic.com/generate_204
```

இது ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் தாமே கேட்டுப் பார்க்கும் முகவரி. இணையம் திறந்திருந்தால் `204` என்ற எண்ணும் வெற்று உள்ளடக்கமும் வரும். எனக்கு வந்தது வேறு.

```
HTTP/1.1 302 Found
Location: http://192.168.50.1/login
```

விடை சொன்னது நான் கேட்ட வழங்கி அன்று, அந்த இல்லத்தின் கருவி. இதுவே உள்நுழைவுப் பக்கம் காத்திருக்கிறது என்பதற்கு உறுதியான அடையாளம். அப்பக்கத்தில் பதிந்தபின் டிஎன்எஸ்-ஐ மீண்டும் `8.8.8.8` ஆக்கினேன், எல்லாம் ஓடியது. பழுது என்று தோன்றியது டிஎன்எஸ்; உண்மைக் காரணம் உள்நுழையாமை.

மேலே `http` என்று கேட்டதையும் கவனியுங்கள். `https` தளமாக இருந்தால் இடைமறிக்கும் கருவியிடம் அத்தளத்தின் சான்றிதழ் இராது. எனவே உலாவி எச்சரிக்கையைக் காட்டுமே தவிர, பக்கம் வராது. அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு உள்ளே போகுமாறு யாருக்கும் சொல்லக் கூடாது.

ஆகவே என் வேண்டுகோள் ஒன்றே. சரங்களில் “பழுது” என்னும் சொல்லே வர வேண்டாம். கருவி கண்டது எதுவோ அதை மட்டும் சொல்லட்டும். “பெயர்வழங்கி விடை தரவில்லை” என்பது கண்டது. “டிஎன்எஸ் பழுது” என்பது ஊகம். என் இரவு அந்த ஊகத்தில்தான் வீணாயிற்று.

கலைச்சொல்லுக்கு என்னிடம் ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பெரிய வீடுகளில் பெருங்கதவைச் சாத்திவிட்டு அதனுள் ஒரு சிறு கதவை மட்டும் திறந்து வைப்பார்கள். ஒருவர் குனிந்துதான் நுழைய முடியும். அதற்குத் திட்டிவாசல் என்று பெயர். உள்நுழையும் முன் இந்த வலையமைப்பும் முகவரி வாங்கவும், தன் பெயர்வழங்கியைக் கேட்கவும், தன் பக்கத்தைக் காட்டவும் மட்டுமே சிறு திறப்பு விட்டு மற்றதை அடைத்திருக்கிறது.

மயிலாடுதுறை அன்பர், புதன் காலை

பெரியோர்களுக்கு வணக்கம். நான் ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியன். எங்கள் வீட்டிலும் மூன்று நாட்களாக இதே குறைதான். வைஃபை காட்டுகிறது, ஒன்றும் திறக்கவில்லை. கண்ணாடியிழைப் பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னுகிறது. பலமுறை அணைத்துப் போட்டும் பயனில்லை. திட்டிவாசலைத் திறக்க எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

கோவை வலையமைப்புப் பொறியாளர், புதன் காலை

ஐயா, உங்கள் வீட்டில் திட்டிவாசல் இல்லை. அந்தச் சிவப்பு விளக்கு இழை வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று சொல்கிறது. பெட்டியின் பின்புறம் இழை கூர்மையாக மடங்கியிருக்கிறதா, செருகி தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முனையைக் கழற்றி உள்ளே பார்க்கவோ விரலால் தொடவோ வேண்டாம். இரண்டும் சரியாக இருந்தால் தெருவில் எங்கோ அறுந்திருக்கலாம். வழங்குநரிடம் “எல்ஓஎஸ் சிவப்பு” என்று சொன்னாலே ஆள் அனுப்புவார்கள்.

குழுவுக்கு ஒரு சொல். ஐயாவின் திசைவி நன்றாகவே இயங்குகிறது, அதன் நிருவாகப் பக்கமும் திறக்கும். அதற்கப்பால் உள்ள இழையில்தான் ஒளி வரவில்லை. ஆசிரியர் சொன்ன “வழிப் பழுது” இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது.

ஈரோடு கணினி ஆய்வக ஆசிரியர், புதன் மாலை

விடுதிக்கு என் சோதனை போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், பாடக்குறிப்பிலும் திருத்திவிட்டேன். ஆனால் மயிலாடுதுறை அன்பரின் கடிதத்தைப் பாருங்கள். நல்ல தமிழறிந்தவர், திட்டிவாசல் என்று கேட்டதும் வீட்டில் அதைத் தேடுகிறார். பொத்தானில் இருக்கும் சொல் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டும். “உள்நுழைவுப் பக்கத்தைத் திற” என்பது போதும்.

தஞ்சை பேராசிரியர், வியாழன்

விளங்குவதற்காகவே சொல் என்றால் புதுச்சொல் எதுவும் பிறந்திராது. “இணையம்” என்பதும் ஒருநாள் விளங்காத சொல்லாகத்தான் இருந்தது, புழங்கிப் புழங்கியே விளங்கியது. திட்டிவாசல் என் வாயிலோனைவிட அழகிது என்பதை மறுக்கவில்லை, அதை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை. பொத்தானுக்கு எதையேனும் வைத்துக்கொள்க. கலைச்சொல் பட்டியலில் “உள்நுழைவுப் பக்கம்” என்று பதியக் கூடாது. மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் அதுவே பெயராக இருக்கும்போது, வலையமைப்பு இடைமறித்துக் காட்டும் பக்கத்தை எவ்வாறு பிரித்துச் சொல்வீர்?

திருச்சி மொழிபெயர்ப்பாளர், வெள்ளி மாலை

அனைவருக்கும் நன்றி. நேரமாகிவிட்டதால் இவ்வாறு ஒப்படைக்கிறேன்:

```
msgstr "வைஃபை சேர்ந்தது, இணையம் எட்டவில்லை"
msgstr "பெயர்வழங்கி விடை தரவில்லை"
msgstr "வலையமைப்பின் உள்நுழைவுப் பக்கத்தைத் திற"
```

பேராசிரியர் ஐயாவின் மறுப்பு நியாயமானது என்பதால் மூன்றாவதில் “வலையமைப்பின்” என்ற சொல்லைச் சேர்த்தேன். பொத்தான் சற்று நீண்டுவிட்டது, குறுகிய திரையில் மடங்குகிறது. கலைச்சொல் பட்டியலில் கேப்டிவ் போர்ட்டலுக்கு எதிரே உள்ள இடத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். திட்டிவாசலுக்கு இதுவரை இருவர் தனிமடலில் ஒப்புதல் தந்திருக்கிறார்கள், வாயிலோனுக்கு ஒருவர்.

என் மாமியாரிடம் முதல் வரியை மீண்டும் காட்டினேன். “அப்படியென்றால் எங்கே நிற்கிறது?” என்று கேட்டார். அதைச் சொல்ல மூலக் கோப்பில் சரம் இல்லை.