0.0342-இன் மடக்கை: அட்டவணையில் ஒன்று, கால்குலேட்டரில் வேறொன்று. எது சரி?

கயல்_பன்னிரண்டு:
வணக்கம். 0.0342 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தின் பி.எச். மதிப்பைக் காண வேண்டும். மடக்கை அட்டவணையில் 34-ஆம் வரிசையில், 2-க்குக் கீழே 5340 இருக்கிறது. புள்ளியை அடுத்து ஒரு சுழியம் வருவதால் பார் 2. ஆகவே log 0.0342 = 2̄.5340 என்று எழுதினேன். பி.எச். என்பது மடக்கையின் குறி மாற்றம்தானே? அதனால் விடை 2.5340 என்று முடித்தேன். அண்ணனின் கால்குலேட்டரோ −1.46597 என்று காட்டுகிறது.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். 0.0342 மிகை எண்தான். அதன் மடக்கை மட்டும் ஏன் குறை எண்ணாகிறது? தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. போட்ட விடை சரிதானா என்று நானே எப்படித் தெரிந்துகொள்வது?

மேகநாடன்:
குறை எண்ணுக்கு மடக்கையே கிடையாது, தங்கையே. வினாத்தாளில் அச்சுப் பிழை இருக்கும். ஆசிரியரிடம் காட்டுங்கள்.

கயல்_பன்னிரண்டு:
அண்ணா, மடக்கை எடுக்கும் எண் குறை எண் அல்ல. வரும் விடைதான் குறை எண்.

செங்கதிர்:
சுழியங்களை எண்ணினாலே போதும். புள்ளிக்குப் பின் ஒரு சுழியம் இருந்தால் மடக்கை −1 புள்ளி சொச்சம். இரண்டு சுழியம் என்றால் −2 புள்ளி சொச்சம். உங்கள் எண்ணில் ஒரு சுழியம், அட்டவணையில் 5340. ஆகவே −1.5340. கால்குலேட்டரில் எண்ணைத் தவறாக அழுத்தியிருப்பீர்கள்.

பழைய வாத்தியார்:
செங்கதிர் சொன்னதில் முதல் பாதி சரி. ஒரு சுழியம் இருந்தால் விடை −1-க்கும் −2-க்கும் இடையில்தான் விழும். ஆனால் 5340-ஐ அதன் வாலில் ஒட்டியது தவறு. கால்குலேட்டர் சொல்வதே சரி.

முதலில் குறை எண் ஏன் என்பதைப் பார்ப்போம். 1-இல் நின்றுகொண்டு 10-ஆல் எத்தனை முறை பெருக்கினால் ஓர் எண்ணை அடையலாம் என்பதைத்தான் மடக்கை சொல்கிறது. 100-க்கு இரண்டு முறை. 1-க்குப் பெருக்கவே வேண்டாம், அதனால் அதன் மடக்கை 0. 1-க்குக் கீழே இறங்க வேண்டுமானால் பெருக்கிப் பயனில்லை, வகுக்க வேண்டும். ஒருமுறை வகுத்தால் 0.1, மறுமுறை வகுத்தால் 0.01. வகுத்த தடவைகளைத்தான் குறைக் குறியோடு எழுதுகிறோம். எத்தனை முறை வகுத்தாலும் சுழியத்தைத் தொட முடியாது. ஆகவே 0-க்கும் 1-க்கும் நடுவிலுள்ள சின்ன இடைவெளிக்குள்ளேயே எல்லாக் குறை எண்களும் மடக்கையாக அடங்கிவிடுகின்றன.

இனி பார் விஷயம். 0.0342 என்பது 3.42-ஐ 100-ஆல் வகுத்தது. 3.42-இன் மடக்கை 0.5340. இரண்டு முறை வகுத்ததால் −2. இரண்டையும் கூட்டுங்கள்:

−2 + 0.5340 = −1.4660

2̄.5340 என்பதன் பொருள் இதுதான். கோடு 2-க்கு மேல் மட்டுமே போடப்பட்டிருக்கிறது. அந்த 2 மட்டுமே குறை, 0.5340 மிகை. நீங்கள் கோட்டை இரண்டு பகுதிக்கும் சேர்த்துக் குறைக் குறியாக எடுத்துக்கொண்டதால் −2.5340 ஆகிவிட்டது. தசமப் பகுதியை ஏன் மிகையாகவே வைக்கிறார்கள் என்றால், அப்போதுதான் 342, 3.42, 0.0342 எல்லாவற்றுக்கும் அட்டவணையின் அதே 5340 உதவும். விடையை வெளியே எடுக்கும்போது மட்டும் கூட்டிக் கழித்தாக வேண்டும்.

செங்கதிர்:
ஐயா, ஒரு சந்தேகம். 0.0342 என்பது 0.1-ஐவிட 0.01-க்குத்தானே பக்கத்தில் இருக்கிறது? அப்படியானால் மடக்கையும் −2 பக்கம்தானே சாய வேண்டும்? −1.466 எப்படி −1 பக்கம் சாய்கிறது?

பழைய வாத்தியார்:
அருமையான கேள்வி. அளவை மதிப்பிடுவதில் பலரும் இடறுவது இங்கேதான். நீங்கள் கழித்துப் பார்த்து தூரத்தை அளக்கிறீர்கள். அந்தக் கணக்கில் 0.01-க்கும் 0.1-க்கும் நடுப்புள்ளி 0.055. ஆனால் மடக்கை அளப்பது மடங்குகளை. 0.01-இலிருந்து எத்தனை மடங்கு ஏறினால் நடுவை அடைகிறோமோ, அதே மடங்கு மறுபடி ஏறினால் 0.1 வர வேண்டும். அந்த மடங்கு 10-இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 3.16. ஆகவே −1.5-க்கு உரிய எண் 0.0316. உங்கள் 0.0342 அதைவிடச் சற்றே பெரியது. ஆகவே மடக்கை −1.5-ஐவிடக் கொஞ்சம் மேலே, −1 பக்கமாக இருந்தாக வேண்டும். −1.466 சரியாகப் பொருந்துகிறது. உங்கள் −1.534 எந்த எண்ணுக்கு உரியது தெரியுமா? 0.0292. அது நடுப்புள்ளிக்குக் கீழே கிடக்கிறது.

கயல், தேர்வு அறையில் நீங்கள் இந்த 0.0316-ஐ மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டாலே போதும். 0.00316, 0.316 என்று புள்ளியை நகர்த்தி எல்லா இடத்திலும் பயன்படுத்தலாம். கடைசியில் தலைகீழாக்கியும் சரிபார்க்கலாம். 1-ஐ 0.0342-ஆல் வகுத்தால் 29.24. அதன் மடக்கை 1.4660. எண்ணைத் தலைகீழாக்கினால் மடக்கையின் குறி மட்டுமே மாறும், அளவு மாறாது.

கயல்_பன்னிரண்டு:
இப்போது புரிகிறது, ஐயா. 0.01 மோலார் என்றால் பி.எச். 2. என் அமிலம் அதைவிடச் செறிவானது. செறிவு கூடினால் பி.எச். குறைய வேண்டும். நான் எழுதிய 2.534 சரியாக இருக்க வழியே இல்லை. 1.466 என்று திருத்திவிட்டேன்.

ஓடைக்கரை:
இதே இழையில் என் கணக்கையும் கேட்கலாமா? ஒரு வடிகட்டி ஒவ்வொரு முறையும் அழுக்கில் 20 விழுக்காட்டை நீக்குகிறது. அழுக்கு ஆரம்ப அளவில் நூறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க எத்தனை முறை வடிகட்ட வேண்டும்? நான் போட்டது:

n × log 0.8 < log 0.01
n × (−0.0969) < −2
n < 20.6

20 முறைக்குள் என்று வருகிறது. ஒரே ஒரு முறை வடிகட்டினாலே போதும் என்றல்லவா ஆகிறது?

பழைய வாத்தியார்:
விடை அபத்தமாக இருப்பதை நீங்களே பிடித்துவிட்டீர்கள். log 0.8 குறை எண். குறை எண்ணால் இரு பக்கமும் வகுத்தால் < என்பது > ஆக மாறும். n > 20.6, அதாவது 21 முறை. போட்டுப் பாருங்கள்: 20 முறைக்குப் பின் 0.0115 மிஞ்சுகிறது, 21-இல் 0.0092. −0.0969 எவ்வளவு சிறியது என்பதையும் கவனியுங்கள். 0.8 என்பது 1-க்கு அருகில் இருப்பதால் அதன் மடக்கை 0-க்கு அருகில் நிற்கிறது. அதனால்தான் இத்தனை முறை தேவைப்படுகிறது.

மேகநாடன்:
நான் கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, மன்னிக்கவும். என் நிரலில் `math.log(0.0342)` போட்டால் −3.3755 வருகிறதே. அது மட்டும் ஏன்?

பழைய வாத்தியார்:
அது 10-ஐ அடியாகக் கொண்டதல்ல, e-ஐ அடியாகக் கொண்டது. −1.466-ஐ 2.3026-ஆல் பெருக்கினால் அதே எண் வரும். 10-ஐ அடியாகக் கொண்ட விடை வேண்டுமானால் `math.log10` எழுதுங்கள். எந்த அடியானாலும், அது 1-ஐவிடப் பெரியதாக இருக்கும்வரை குறைக் குறி மாறாது.

கயல்_பன்னிரண்டு:
ஐயா, கடைசியாக ஒன்று. இடைப்படியில் 2̄.5340 என்று எழுதி, அதை அடுத்து நேராக 1.4660 எழுதினால் மதிப்பெண் குறைப்பார்களா? எங்கள் ஆசிரியர் −2 + 0.5340 என்ற வரியை எழுதித்தான் ஆக வேண்டும் என்கிறார். தோழியின் பள்ளியில் வேண்டாம் என்கிறார்களாம்.

செங்கதிர்:
எங்கள் காலத்தில் கேட்டதில்லை.

பழைய வாத்தியார்:
திருத்துபவரைப் பொறுத்தது, உறுதியாகச் சொல்வதற்கில்லை. நான் திருத்தினால் குறைக்க மாட்டேன். ஆனாலும் எழுதிவிடுங்கள். நீங்கள் தவறியது அந்த ஒரு வரியில்தான்.