ஃப்ரிட்ஜில் வைத்த சாக்லேட் கட்டி தட்டிய கதை

சுமதி, நங்கநல்லூர்: நேற்று பேத்தியின் பிறந்தநாளுக்கு அச்சு சாக்லேட் செய்யலாம் என்று 250 கிராம் டார்க் சாக்லேட்டை எடுத்தேன். வெயிலுக்குப் பயந்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தது. நறுக்கும்போதே பலகை ஈரமாக இருந்தது, நான் கவனிக்கவில்லை. கொதிக்கும் தண்ணீர் மேல் கிண்ணத்தை வைத்துக் கிளறினால் முதலில் நன்றாகத்தான் உருகியது, அப்புறம் திடீரென்று ஈரமணல் மாதிரி திரண்டு கரண்டியோடு வந்துவிட்டது. எங்கே தப்பு?

ரமேஷ்: தட்டு போட்டு மூடியிருந்தால் ஆவி உள்ளே போயிருக்காது. இப்போது 2 ஸ்பூன் எண்ணெய் ஊற்றுங்கள், சரியாகிவிடும்.

கீதா, பேக்கிங் வகுப்பு எடுப்பவள்: மூடவே கூடாது, மூடியில் படிகிற தண்ணீர் சொட்டு சொட்டாக உள்ளேதான் விழும். சுமதிம்மா, பலகை ஈரம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். சில்லென்ற சாக்லேட்டை நம்ம ஊர்க் காற்றில் வைத்தால் தண்ணீர் பாட்டில் மாதிரி வியர்க்கும். அந்தக் கொஞ்சம் ஈரத்தில் சர்க்கரை பாகாகி, கோகோ தூளை ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் டப்பாவைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைத்து, குளிர் போனபிறகு திறந்தால் வியர்வை டப்பாவுக்கு வெளியேதான் இருக்கும். எண்ணெய், சூடு அதிகமாகித் தடித்த சாக்லேட்டைக் கொஞ்சம் இளக்கும், தண்ணீர் பட்டதை மறுபடி அச்சுக்குக் கொண்டுவராது. இதற்குச் சூடான பாலை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக விட்டுக் கிளறுங்கள், 5, 6 கரண்டி போனதும் வழவழப்பாகிவிடும். கேக் மேல் ஊற்றலாம், அச்சில் இறுகாது.

பர்வீன், பெரம்பூர்: என்னுடையது மைக்ரோவேவ் கதை. வெள்ளை சாக்லேட்டை முழு பவரில் 2 நிமிடம் விட்டேன். பார்த்தால் துண்டுகள் அப்படியே நிற்கின்றன, சரி இன்னும் உருகவில்லை என்று மேலும் ஒரு நிமிடம் விட்டால் நடுவில் கருகி வீடெல்லாம் வாசனை!

கீதா: உருகினாலும் துண்டு உருவம் மாறாமல் நிற்கும், கிளறினால்தான் தெரியும். பாதி பவரில் 30 விநாடி விட்டு, எடுத்துக் கிளறி, மறுபடி 15, 15 விநாடியாகப் போங்கள். கொஞ்சம் கட்டி இருக்கும்போதே நிறுத்தினால் மிச்சம் அந்தச் சூட்டிலேயே கரையும். வெள்ளையும் மில்க்கும் 45 டிகிரியைத் தாண்டக்கூடாது, பால் சத்து திரிந்து குருணை குருணையாகிவிடும்.

வித்யா: நான் ஃப்ரிட்ஜிலிருந்து நேராகத்தான் உருக்குகிறேன், இதுவரை ஒன்றும் ஆனதில்லையே?

கீதா: ஏசி ஓடுகிற சமையலறையா? இல்லை, கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்த காம்பவுண்ட் சாக்லேட்டா?

வித்யா: ஏசி இல்லை. காம்பவுண்டும் இல்லை, நல்ல சாக்லேட்தான்.

சுமதி: பால் ஊற்றினேன், 6 கரண்டியில் வழிந்து வந்தது. ஆனால் எனக்கு இன்னொரு சந்தேகம், கிண்ணத்தின் அடி கொதிக்கிற தண்ணீரில் முங்கித்தான் இருந்தது. அதுவும் சேர்ந்து செய்த வேலையோ?