சந்திக்க அழைத்தேன், மறுத்துவிட்டார்: நீங்கள் என்ன பதில் எழுதினீர்கள்?

சத்துவாச்சாரி வாசகன்:
டேட்டிங் செயலியில் மேட்ச் ஆன ஒருவருடன் சில வாரங்கள் பேசிப் பழகிய பின், ஞாயிறு மாலை வேலூர்க் கோட்டை அருகே காபி அருந்தலாமா என்று கேட்டேன். "உங்களுடன் பேசியதில் மகிழ்ச்சி. ஆனால் நேரில் சந்திக்கும் எண்ணம் எனக்கு இல்லை, தவறாக நினைக்க வேண்டாம்" என்று எழுதினார். வருத்தம் இருந்ததால் உடனே பதிலளிக்காமல், இரவு உணவுக்குப் பின், "தெளிவாகச் சொன்னதற்கு நன்றி, உங்களுக்கு என் வாழ்த்துகள்" என்று மட்டும் எழுதினேன். அதில் எந்தக் கேள்வியும் இருக்கக் கூடாது என்று கவனமாக இருந்தேன். கேள்வி கேட்டால் அவர் மறுபடியும் மறுக்க வேண்டியிருக்கும்.

குடியாத்தம் நண்பர்:
வேலை இருக்கிறது என்று சொன்ன ஒருவரிடம் ஒரு வாரம் விட்டு மீண்டும் கேட்டேன், அவர் சம்மதித்தார். ஆகவே இன்னொரு முறை கேட்பதில் தவறில்லை.

பாகாயம் செவிலியர்:
நண்பர் சொல்வது பாதிதான் சரி. வர விருப்பமுள்ளவர், "ஞாயிறு எனக்கு இரவுப் பணி, புதன்கிழமை முடியுமா" என்று வேறு நாளைத் தாமே சொல்வார். நாள் எதுவும் சொல்லாமல் முடித்தால் அதை மறுப்பாகவே கொள்ளலாம். மேலே உள்ளவருக்கோ எண்ணம் இல்லை என்றே பதில் வந்திருக்கிறது. ஆபீசர்ஸ் லைனில் யாருடன் நின்றாலும் தெரிந்தவர் ஒருவர் பார்த்து வீட்டில் சொல்லிவிடும் ஊரில், மறுப்புக்கு உங்களைச் சேராத காரணங்களும் இருக்கும். நான் மறுத்தபோது ஒருவர், "என்னிடம் என்ன குறை?" என்று தொடர்ந்து கேட்டுவிட்டு, இன்ஸ்டாகிராமிலும் தேடிப் பிடித்து எழுதினார், அதன் பிறகு பணி முடிந்து தனியாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கவே எனக்கு அச்சமாக இருந்தது. விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிவித்த பெண்ணை நெருங்கிப் பழகும் நோக்கில் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கே சிறைத் தண்டனை உண்டு.

ராணிப்பேட்டை அம்மா:
என் மகனுக்கு ஆம்பூரில் பெண் பார்த்தபோது, ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பினார்கள். எங்கள் ஜோதிடர் பொருத்தம் இருப்பதாகவே சொல்லியிருந்தார். ஆனாலும் அதைப் பற்றிப் பேசாமல், பெண்ணின் புகைப்படத்தையும் ஜாதகத்தையும் அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

சத்துவாச்சாரி வாசகன்:
அம்மா, எங்களுடையது பெண் பார்க்கும் ஏற்பாடு அன்று. ஆயினும் புகைப்படத்தைத் திருப்பிக் கொடுத்தீர்கள் என்றதும் ஒரு சந்தேகம் எழுகிறது: நான் அவரை அன்மேட்ச் செய்வது நாகரிகமா?

குடியாத்தம் நண்பர்:
செய்துவிடுங்கள். பெயர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் பண்டிகை வாழ்த்து என்ற சாக்கிலாவது எழுதத் தோன்றும்.

பாகாயம் செவிலியர்:
எனக்கு அதில் உடன்பாடில்லை. வாழ்த்திய கையோடு நீக்கினால் கோபித்துக்கொண்டதாக அவர் நினைக்கக்கூடும். உரையாடல் அப்படியே இருக்கட்டும், நீங்கள் எழுதாமல் இருந்தால் போதும்.