லிங்க்கை முதல் கமெண்ட்டில் வைத்தேன்: பார்த்தவர்கள் ஆறு மடங்கு, வந்தவர்கள் பாதி

கல்லெழுத்து:

வணக்கம். செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் நடுகற்களைப் பார்க்க மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடைப்பயணம் அழைத்துச் செல்கிறோம். 25 பேருக்குத்தான் இடம். அறிவிப்பை எங்கள் சமூக வலைத்தளப் பேஜில் போடுவோம். முன்பதிவு எங்கள் சொந்த இணையதளத்தில் நடக்கும்.

சென்ற மாதம் வரை முன்பதிவு லிங்க்கைப் பதிவின் உள்ளேயே ஒட்டிவந்தேன். கடைசியாக அப்படிப் போட்ட பதிவு 1,900 பேரின் கண்ணில் பட்டது. அதிலிருந்து 57 பேர் முன்பதிவுப் பக்கத்துக்கு வந்தார்கள். வெளி லிங்க் இருந்தால் ரீச் குறையும் என்று பலரும் சொன்னதால் இந்த மாதம் மாற்றினேன். ஒரு நடுகல்லின் படம், அந்த வீரனின் கதை பத்து வரி, கடைசியில் "முன்பதிவு லிங்க் முதல் கமெண்ட்டில்". அதே நேரம், அதே கிழமை. இந்த முறை 11,400 பேர் பார்த்திருக்கிறார்கள். ஆசையோடு இணையதளக் கணக்கைத் திறந்தால் வந்தவர்கள் 31 பேர்தான். ஒன்பது பேர் கமெண்ட்டில் "லிங்க் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள்.

எங்கே தவறு? பழைய முறைக்கே திரும்பிவிடவா?

வேகநடை:

கமெண்ட்டில் இருக்கும் லிங்க் தளத்தின் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் உங்களுக்கு ரீச் கூடியது. முதலில் லிங்க் இல்லாமல் பதிவிடுங்கள். ஒரு மணி நேரம் ஓடட்டும். பிறகு திருத்தி உள்ளே சேர்த்துவிடுங்கள். இரண்டும் கிடைக்கும்.

அச்சுக்கூடம்:

கல்லெழுத்து ஐயா, பதில் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். உங்கள் கணக்கிலிருந்து பார்க்காதீர்கள். பேஜோடு தொடர்பில்லாத ஒருவரின் தொலைபேசியில் அந்தப் பதிவைத் திறந்து, உங்கள் லிங்க் எத்தனையாவது கமெண்ட்டாக வருகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

கல்லெழுத்து:

என் மைத்துனரின் தொலைபேசியில் பார்த்தேன். மொத்தம் 46 கமெண்ட்டுகள். முதலில் நிற்பது ஓர் ஆசிரியர் தன் ஊர் ஏரிக்கரைக் கல்லைப் பற்றி எழுதிய நீண்ட கமெண்ட். அதற்கு 22 விருப்பங்கள். அதன் கீழே வாழ்த்துகள். என் லிங்க் கண்ணில் படவே இல்லை. வரிசையை `Most relevant` என்பதிலிருந்து `All comments` என்று மாற்றித் தேடிய பிறகுதான் கிடைத்தது. என் தொலைபேசியில் அது மேலேயே தெரிந்ததால் இத்தனை நாள் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

அச்சுக்கூடம்:

உங்கள் சிக்கல் அதுதான். முதல் கமெண்ட் என்பது நேரத்தில்தான் முதல்; இடத்தில் முதல் இல்லை. யாருக்கு விருப்பமும் மறுமொழியும் அதிகம் விழுகிறதோ அந்தக் கமெண்ட்டைத் தளம் மேலே ஏற்றுகிறது. வெறும் லிங்க் மட்டும் உள்ள கமெண்ட்டுக்கு யார் விருப்பம் போடுவார்கள்? பதிவு நன்றாக ஓட ஓட, உங்கள் லிங்க் கீழே இறங்கிக்கொண்டே போகும். யாரும் பேசாத பதிவில் முதல் கமெண்ட் முதலிலேயே நிற்கும். கூட்டம் சேர்ந்த பதிவில், லிங்க் தேவைப்படும் நேரத்தில் காணாமல் போகும். "லிங்க் எங்கே?" என்ற ஒன்பது கேள்விகளும் அதற்குச் சாட்சி. அந்த ஒன்பது பேரும் உண்மையில் வர விரும்பியவர்கள். கேட்காமல் போனவர்கள் இன்னும் எத்தனை பேரோ.

மருந்து எளிது. அந்தக் கமெண்ட்டைப் பின் செய்யுங்கள், அதாவது மேலே குத்தி வையுங்கள். பேஜின் பெயரில் எழுதிய கமெண்ட்டை அழுத்திப் பிடித்தாலோ பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டாலோ அந்த வழி இருக்கும். பின் செய்ததும் எத்தனை கமெண்ட் வந்தாலும் அது மேலேயே நிற்கும். லிங்க்கை மட்டும் வைக்காமல் "25 இடங்கள், ஞாயிறு காலை 6 மணி, முன்பதிவு இங்கே" என்று ஒரு வரி எழுதி அதன் பிறகு வையுங்கள். பதிவிலும் "முதல் கமெண்ட்டில்" என்பதற்குப் பதிலாக "மேலே பின் செய்த கமெண்ட்டில்" என்று எழுதுங்கள். தேடுபவரின் கண் எங்கே போக வேண்டும் என்பது அப்போதுதான் தெளிவாகும்.

வேகநடை தம்பிக்கு: கமெண்ட்டையும் அதே தளம்தான் படிக்கிறது. லிங்க் உள்ள கமெண்ட்டை எரிதம், அதாவது ஸ்பேம் என்று கருதி மறைத்துவிடுவதும் உண்டு. எழுதியவரின் திரையில் அந்தக் கமெண்ட் தெரியும், மற்றவரின் திரையில் தெரியாது. வேறு தொலைபேசியில் பார்க்கச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

வேகநடை:

படிக்கிறது என்றால் கமெண்ட்டில் வைத்ததும் ரீச் ஏன் கூடியது, அண்ணா?

அச்சுக்கூடம்:

நியாயமான கேள்வி. இரண்டு காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று, தளங்களே பதிவில் உள்ள லிங்க்கையும் கமெண்ட்டில் உள்ள லிங்க்கையும் வேறுவேறாக நடத்துகின்றன. எக்ஸ் தளத்தில் 2024 நவம்பரில் ஈலான் மஸ்க்கே, பதிவில் விளக்கத்தை எழுதிவிட்டு லிங்க்கை மறுமொழியில் போடும்படி வெளிப்படையாகச் சொன்னார். 2025 டிசம்பரில் மெட்டா ஃபேஸ்புக்கில் ஒரு சோதனை நடத்தியது: கட்டணச் சரிபார்ப்புச் சந்தா இல்லாத சில பேஜ்களும் கணக்குகளும் மாதத்துக்கு 2 பதிவுகளில் மட்டுமே வெளி லிங்க் வைக்க முடிந்தது. கமெண்ட்டில் வைக்கும் லிங்க்குக்கு அந்த வரம்பு இருக்கவில்லை.

இரண்டாவது காரணம் வாசகரின் விரலில் இருக்கிறது. லிங்க்கைத் தொட்டவர் உங்கள் இணையதளத்துக்குப் போய்விடுகிறார். திரும்பி வந்து விருப்பம் போடுவதோ கமெண்ட் எழுதுவதோ அரிது. அந்த அசைவுகளைப் பார்த்துத்தான் தளம் பதிவை அடுத்தவரிடம் கொண்டுபோகிறது. 2025 அக்டோபரில் எக்ஸ் தளத்தின் தயாரிப்புத் தலைவர் நிகிதா பியர் இதையே விளக்கமாகச் சொன்னார்: இணையப் பக்கம் பதிவை மூடிக்கொள்வதால் மக்கள் விருப்பம் போட மறந்துவிடுகிறார்கள் என்று. அதைச் சரிசெய்ய, பக்கத்தைப் படிக்கும்போதே பதிவின் பொத்தான்கள் கீழே தெரியும்படி ஒரு சோதனையும் தொடங்கினார்கள். லிங்க்குக்குத் தளம் தரும் தண்டனை எவ்வளவு, இந்த இயல்பான இழப்பு எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்து அளக்க வழியில்லை.

கல்லெழுத்து ஐயாவின் இரண்டாவது பதிவில் லிங்க்கின் முன்னோட்ட அட்டை இல்லை. நடுகல்லின் படம் இருந்தது. பத்து வரிக் கதையும் இருந்தது. ஆசிரியர் தன் ஊர்க் கல்லைப் பற்றி எழுதியது அந்தக் கதைக்காக. ஆறு மடங்கு முழுவதையும் லிங்க் இடம் மாறியதன் கணக்கில் எழுதக் கூடாது.

ஒரு மணி நேரம் கழித்துத் திருத்துவது பற்றி: சிலருக்குப் பலித்ததாகச் சொல்கிறார்கள். நான் அதை நம்பி ஒரு அறிவிப்பை விடமாட்டேன். முதல் மணி நேரத்தில் வருபவர்கள்தான் அதிக ஆர்வம் உள்ளவர்கள். அவர்களிடம் லிங்க் இல்லாமல் நிற்பது பெரிய இழப்பு.

ஓசூர் வாசகி:

எனக்கும் இதே தொல்லைதான். தையல் வகுப்புக்காக 40 விநாடிக் குறுங்காணொளி போடுகிறேன். லிங்க்கைப் பின் செய்தும் வைத்திருக்கிறேன். ஆனால் தொட்டால் எதுவும் திறக்கவில்லை என்கிறார்கள். அச்சுக்கூடம் அண்ணா, ரீச்சைக் குறைத்துவிட்டார்களா?

அச்சுக்கூடம்:

அக்கா, உங்களுடையது வேறு சிக்கல். யூடியூப் ஷார்ட்ஸ் என்றால், அதன் கமெண்ட்டிலும் விளக்கத்திலும் உள்ள லிங்க்குகள் 2023 ஆகஸ்ட் 31 முதல் வெறும் எழுத்தாகத்தான் இருக்கும். பின் செய்தாலும் தொட முடியாது. எரிதத்தையும் மோசடியையும் தடுக்கக் கொண்டுவந்த விதி அது. வகுப்பின் விவரத்தை ஒரு நீண்ட காணொளியாகப் போட்டு, அதன் விளக்கத்தில் லிங்க் வையுங்கள். பிறகு குறுங்காணொளியோடு அந்த நீண்ட காணொளியை இணைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

பழைய பதிவர்:

நான் ஒரு மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். உங்களிடம் இருப்பது 25 இடங்கள். சுட்டி பதிவுக்குள் இருந்தபோது 57 பேர் வந்தார்கள். அதுவே போதுமே? 11,400 பேர் பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்? வாசலைத் தெருவிலேயே வைத்துவிட்டு, பின்னூட்டங்களுக்குள் ஏன் ஒளிக்க வேண்டும்?

கல்லெழுத்து:

ஐயா, 57 பேர் வந்தார்கள், முன்பதிவு செய்தவர்கள் 14 பேர்தான். 25 இடமும் நிரம்பவில்லை. அதுவும் பெரும்பாலும் ஏற்கெனவே எங்களைத் தெரிந்தவர்கள். புதியவர்கள் நடுகல்லைப் பார்க்க வர வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

அச்சுக்கூடம்:

பழைய பதிவர் ஐயா சொல்வதிலும் பாதி சரி. உங்களைப் புதிதாகத் தெரிந்துகொள்ளும் பதிவுக்குப் பின் செய்த கமெண்ட். நடைக்கு இரண்டு நாள் இருக்கும்போது போடும் "இன்னும் 6 இடம் உள்ளது" என்ற அறிவிப்புக்கு லிங்க் பதிவின் உள்ளேயே இருக்கட்டும். அதைப் பார்க்க வேண்டியவர்கள் ஏற்கெனவே முடிவெடுத்தவர்கள். அவர்களுக்கு ஒரு படி கூடினாலும் விட்டுவிடுவார்கள்.

எது வேலை செய்தது என்று அறிய, ஒவ்வோர் இடத்துக்கும் முகவரியின் வாலை மாற்றி வையுங்கள்:

```
https://example.com/nadai?utm_source=page&utm_medium=social&utm_content=pin
https://example.com/nadai?utm_source=page&utm_medium=social&utm_content=body
```

உங்கள் இணையதளத்தில் வருகைக் கணக்குக் கருவி இருந்தால் கடைசிச் சொல்லை வைத்துப் பிரித்துக் காட்டும். கூகுள் ஃபார்முக்கு நேராக அனுப்பினால் இந்த வால் பயன்படாது. நல்ல வேளையாக உங்களுக்குச் சொந்தப் பக்கம் இருக்கிறது.

கல்லெழுத்து:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். அடுத்த நடைக்கு இன்னொரு நடுகல்லின் படம், கதை. பதிவிட்ட உடனேயே கமெண்ட் எழுதிப் பின் செய்தேன். முதலில் என் சொந்தக் கணக்கிலிருந்து கமெண்ட் எழுதிவிட்டுப் பின் செய்யும் வழியைக் காணாமல் தேடினேன். பிறகு பேஜுக்கு மாறி மீண்டும் எழுதினேன். 10,200 பேர் பார்த்தார்கள். `pin` வழியாக வந்தவர்கள் 88 பேர். "லிங்க் எங்கே?" என்று இரண்டு பேர்தான் கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை லிங்க்கை உள்ளே வைத்த சிறு அறிவிப்பு 1,300 பேருக்குத்தான் போனது. ஆனால் `body` வழியாக 41 பேர் வந்தார்கள். இடம் நிரம்பிவிட்டது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. கதைப் பதிவை 64 பேர் தங்கள் பக்கத்தில் பகிர்ந்திருக்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்தால் படமும் எழுத்தும் இருக்கின்றன, என் கமெண்ட் இல்லை. "மேலே பின் செய்த கமெண்ட்டில்" என்ற வரி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது.

அச்சுக்கூடம்:

ஆம், பகிர்வோடு கமெண்ட் பயணம் செய்யாது. வாட்ஸ்அப்பில் எழுத்தை நகலெடுத்து அனுப்பினாலும் அதே கதிதான். நான் செய்வது, இணையதள முகவரியைப் படத்தின் கீழ் விளிம்பில் எழுத்தாகப் பொறித்துவிடுவது. பதிவில் தட்டச்சு செய்தால் பல தளங்கள் அதைத் தானாக லிங்க்காக மாற்றிவிடும். படத்தில் இருந்தால் அப்படி ஆகாது, பகிர்வோடும் போகும். ஆனால் அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து வருபவர்கள் எந்த வாலும் இல்லாமல் நேராக வருவார்கள். அதை எப்படி எண்ணுவது என்பதற்கு என்னிடம் நல்ல வழி இல்லை.

ஓசூர் வாசகி:

படத்துக்கென்றே தனியாக ஒரு குட்டி முகவரி வைத்தால்? example.com/kal என்பது போல. அது வேறெங்கும் இல்லாததால், அங்கே வருபவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்து வந்தவர்கள்தானே?

கல்லெழுத்து:

அடுத்த மாதப் படத்தில் அதையே பொறிக்கிறேன், அக்கா. வந்த கணக்கை இங்கேயே எழுதுகிறேன்.