கடைசி ஆளை நீக்கினால் மூன்றாம் இடம் மாறுகிறது. ஷீட்டில் தப்பா?

தட்டச்சுக்காரி: அவசரம், நாளைக்குக் கூட்டம். எங்கள் ஊர் அறக்கட்டளை உதவித்தொகைக்கு 3 பேரை எடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வும் நேர்முகமும் பாதிப் பாதி. முதலில் நேர்முகத்தை 10ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தேன். "அப்படியே எழுத்துத் தேர்வு வரிசைதான் வருகிறது, நாங்கள் எதற்கு உட்கார்ந்து கேள்வி கேட்டோம்?" என்று தலைவர் கோபித்துக்கொண்டார். யாரோ சொன்னார்கள் என்று இரண்டையும் 0–1க்குள் கொண்டுவந்து கூட்டினேன். இப்போது கடைசி ஆளின் வரியை அழித்தால் 3ஆம் இடமும் 4ஆம் இடமும் மாறிக்கொள்கின்றன. கடைசி ஆளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சுண்டல்: எத்தனை பேர்? மதிப்பெண் எங்கே? எந்த பார்முலா?

மஞ்சள்பை: கண்டிப்பாக `$` போடாமல் இழுத்திருப்பீர்கள். ஒவ்வொரு வரியிலும் MIN, MAX எல்லை ஒரு வரி கீழே இறங்கியிருக்கும். எனக்குச் சம்பளப் பட்டியலில் இதே கதைதான் நடந்தது.

தட்டச்சுக்காரி: `$` இருக்கிறது.

```
=(B2-MIN(B$2:B$7))/(MAX(B$2:B$7)-MIN(B$2:B$7))
```

பெயர் வேண்டாம், எழுத்து போடுகிறேன். முதலில் எழுத்துத் தேர்வு (100க்கு), பிறகு நேர்முகம் (10க்கு).
க 88, 6.5
ச 74, 7
ட 61, 8
த 52, 8.5
ப 40, 7.5
ம 2, 7.5

கணக்குப்புலி: இதைக்கூடத் தெரியாமல் உதவித்தொகை கொடுக்கக் கிளம்பிவிடுகிறீர்கள். சிறுமம், பெருமம் வைத்து அளவு மாற்றினால் ஓரத்தில் நிற்கும் ஒரே ஆள் எல்லாரையும் ஆட்டிவைப்பார். சராசரியைக் கழித்துத் திட்டவிலக்கத்தால் வகுங்கள். அதில் இந்தத் தொல்லையே கிடையாது. இங்கே பத்து தடவை எழுதியாயிற்று.

```
=(B2-AVERAGE(B$2:B$7))/STDEV.P(B$2:B$7)
```

ராப்பாடகர்: என் தங்கை மகளுக்கும் இதே அநியாயம்தான் நடந்தது. சிபிஎஸ்இ படித்தாள். பொறியியல் கலந்தாய்வில் சமன் செய்கிறோம் என்று மார்க்கை மாற்றிவிட்டார்கள்.

மஞ்சள்பை: மாற்றினால் ஏறத்தானே செய்யும்? மாநில வாரியத்தில் இயற்பியல் முதல் மார்க் 100, அந்த வாரியத்தில் 90 என்றால், அங்கே 60 வாங்கியவருக்கு 66.67 என்று கணக்கு. இதில் அநியாயம் நம் பிள்ளைகளுக்குத்தான்.

ராப்பாடகர்: அங்கேயும் ஒருவர் 100 வாங்கிவிட்டால்? ஒரு பைசாகூட ஏறாது. கேள்வித்தாள் எவ்வளவு கஷ்டம் என்று நீங்கள் பார்த்தீர்களா?

சுண்டல்: வாரியச் சண்டைக்குத் தனி இழை திறங்கள்.

மலைக்கோட்டை: சண்டை இங்கே இருக்கட்டும், அதில் விஷயம் இருக்கிறது. உச்சியை மட்டும் சமமாக்கினால் உள்ளே இருக்கும் பரவல் சமமாகிவிடாது. தட்டச்சுக்காரி 10ஆல் பெருக்கியபோதும் நடந்தது அதுதான். இரண்டும் 100க்கு வந்துவிட்டன. ஆனால் ம-வைத் தள்ளிவைத்துப் பார்த்தால், எழுத்துத் தேர்வு 40 முதல் 88 வரை விரிந்து கிடக்கிறது, நேர்முகம் 65க்கும் 85க்கும் நடுவே அடைந்து கிடக்கிறது. திட்டவிலக்கம் அதில் 16.7, இதில் 7.1. ஆக, காகிதத்தில் 50:50 என்று எழுதினாலும் வரிசையைத் தீர்மானிப்பதில் ஏறக்குறைய 70:30 ஆகிவிட்டது. தலைவர் சொன்னது சரிதான்.

கணக்குப்புலி, உங்கள் முறையையும் போட்டுப் பார்த்தேன். ம இல்லாமல் இரண்டு மதிப்பையும் கூட்டினால் க 0.08, ச -0.05. க மேலே. ம-வைச் சேர்த்தால் க -0.27, ச 0.00. ச மேலே வந்துவிடுகிறார். அதே தொல்லை இங்கேயும் இருக்கிறது. சராசரியையும் திட்டவிலக்கத்தையும் அந்த 2 மார்க்கும் சேர்ந்துதானே உருவாக்குகிறது?

கணக்குப்புலி: ஆறு பேரை வைத்துக்கொண்டு திட்டவிலக்கம் போட்டால் அப்படித்தான் வரும். அறுபது பேர் இருந்தால் இவ்வளவு ஆடாது.

மலைக்கோட்டை: அது உண்மை. ஆனால் அவரிடம் ஆறு பேர்தானே இருக்கிறார்கள்.

தட்டச்சுக்காரி: ஏன் மாறுகிறது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

மலைக்கோட்டை: க-வையும் ச-வையும் மட்டும் பாருங்கள். எழுத்தில் க 14 மார்க் முன்னே, நேர்முகத்தில் அரை மார்க் பின்னே. ம இல்லாதபோது எழுத்தின் அகலம் 88-40, அதாவது 48. அந்த 14க்கு மதிப்பு 0.29. நேர்முகத்தின் அகலம் 2, அரை மார்க்குக்கு மதிப்பு 0.25. க ஜெயிக்கிறார். ம வந்ததும் எழுத்தின் அகலம் 86 ஆகிறது, அதே 14க்கு 0.16தான் தேறுகிறது. நேர்முகத்தில் ம 7.5, நடுவில் நிற்கிறார், அங்கே அகலம் மாறவில்லை. அரை மார்க் இன்னும் 0.25. ச முந்திவிடுகிறார். ஷீட்டில் தப்பே இல்லை.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. ம இல்லாத கணக்கில் நேர்முகத்தின் ஒரு அரை மார்க், எழுத்துத் தேர்வின் 12 மார்க்குக்குச் சமம். 7 போடலாமா 7.5 போடலாமா என்று யோசித்து ஏதோ ஒன்றைப் போட்டிருப்பார்கள். அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே நீட்டிவிட்டோம்.

சுண்டல்: அப்படியானால் மார்க்கை விட்டுவிட்டு இடத்தை மட்டும் கூட்டலாமே? 1ஆவது, 2ஆவது என்று.

மலைக்கோட்டை: போட்டுப் பாருங்கள். ம இல்லாமல் க 1+5, ச 2+4, இரண்டும் 6. ட, த இருவரும் 5. ம-வைச் சேர்த்தாலும் க-வும் ச-வும் சமம்தான். ஆட்டம் இல்லை, ஆனால் முடிவும் இல்லை. 3ஆம் இடத்துக்குச் சீட்டுக் குலுக்க வேண்டியிருக்கும்.

மஞ்சள்பை: பேசாமல் 70:30 என்று அறிவித்துவிட்டு முதல் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். க, ச, ட. யாரும் கேட்க மாட்டார்கள்.

மலைக்கோட்டை: அதை மட்டும் செய்யாதீர்கள். எந்த முறையில் யார் வருவார் என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். இனி முறையைத் தேர்ந்தெடுப்பது ஆளைத் தேர்ந்தெடுப்பதுதான். தேர்வுக்கு முன்னால் எழுத்துமூலம் என்ன சொல்லியிருந்தீர்கள்? அதைத்தான் பார்க்க வேண்டும். அடுத்த வருடத்துக்கு அளவின் இரு முனைகளையும் முன்கூட்டியே நிர்ணயித்துவிடுங்கள். எழுத்தில் 35 என்றால் 0, 95 என்றால் 1 என்பது மாதிரி, நேர்முகத்துக்கும் அப்படியே. யார் வந்தாலும் போனாலும் அது அசையாது.

தட்டச்சுக்காரி: அறிவிப்பைத் தேடி எடுத்தேன். 50:50 என்று இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, சொல்ல மறந்துவிட்டேன். எழுத்தில் 35க்குக் கீழே வாங்கினால் நேர்முகத்துக்கே அழைப்பதில்லை.

சுண்டல்: அப்புறம் 2 மார்க் வாங்கிய ம எப்படி நேர்முகத்துக்கு வந்தார்?

தட்டச்சுக்காரி: தலைவருக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை. "சும்மா வந்து உட்காரட்டும்" என்றார்.

கணக்குப்புலி: முதல் பதிவிலேயே இதைச் சொல்லியிருந்தால் இரண்டு வரியில் முடிந்திருக்கும்.

ராப்பாடகர்: அங்கேயும் ஒருவர் 100 வாங்கிவிட்டால் என்று கேட்டேனே, யாரும் பதில் சொல்லவில்லை.

தட்டச்சுக்காரி: கூட்டம் முடிந்தது. ம-வை நீக்கிவிட்டு 0–1 கணக்கு, இரண்டின் சராசரி. த 0.63, ட 0.59, க 0.50. ச 0.48இல் நின்றுவிட்டார். நன்றி.

மலைக்கோட்டை: நல்லது. ச-வுக்கு நேர்முகத்தில் 7 போட்டது யார், 7.5 போடாமல் விட்டது எதற்காக என்று யாராவது கேட்டார்களா?